சாப்பிட்டவருக்கு வாந்தி, பேதி என்று புகார் வந்தால்: ஹோட்டல்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லாட்ஜோடு சேர்ந்த ஒரு ரெஸ்டாரன்டின் சமையலறையையும் ஸ்டோரையும் 11 வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். மாடியில் 60 பேர் உட்காரும் சின்ன ஹாலும் உண்டு. கல்லாவில் புகார் வந்ததும் தொழில் நண்பர்கள் எனக்குப் போன் செய்வார்கள், பெரும்பாலும் ராத்திரி 11 மணிக்கு மேல். எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிவைத்திருக்கிறேன். சட்டம் வரும் இடங்களில் சொல்லியிருப்பது இந்தியச் சட்டம்.

"நேத்து உங்க கடையில சாப்பிட்டேன், ராத்திரி முழுக்க வாந்தி"ன்னு போன் வந்தா முதல்ல என்ன பேசணும்?

உடம்பைப் பற்றிப் பேசுங்கள். இப்போது எப்படி இருக்கிறது, தண்ணீர் குடித்தால் வயிற்றில் நிற்கிறதா, கூட யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைந்துபோவது, தலைசுற்றி மயக்கம் வருவது போல இருப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் இந்த அறிகுறிகள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. மற்றவர்களிடம் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லலாம். அதற்கு மேல் வைத்தியம் நம் வேலை இல்லை. "பேதி நிக்க ஒரு மாத்திரை போடுங்க" என்று சொல்லவே சொல்லாதீர்கள். சில கிருமிகளுக்கு அந்த மாத்திரை ஆகாது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்த்தால், ஆன்டிபயாடிக் ஆரம்பிப்பதற்கு முன்னால் மலப் பரிசோதனைக்குக் கொடுக்க முடியுமா என்று அவரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். மருந்து உள்ளே போன பிறகு எடுக்கும் சாம்பிளில் பல நேரம் கிருமி வளராது. கடைசியாக, நீங்கள் திரும்ப எத்தனை மணிக்குக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லிவிட்டு போனை வையுங்கள், அந்த நேரத்துக்குக் கூப்பிடவும் செய்யுங்கள். எனக்குத் தெரிந்து வாட்ஸ்அப் வரைக்கும் போன சண்டைகளில் பாதி, "கூப்பிடுறேன்னு சொன்னாங்க, கூப்பிடவே இல்லை" என்பதில்தான் ஆரம்பித்தன.

மன்னிப்பு கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?

ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு வருத்தப்படுவது வேறு, எங்கள் சாப்பாட்டால்தான் என்று ஒத்துக்கொள்வது வேறு. "உங்களுக்கு இப்படி ஆனது கஷ்டமா இருக்கு. என்ன நடந்ததுன்னு இப்பவே பார்க்க ஆரம்பிக்கிறோம்" என்றால் போதும். அந்த நிமிடத்தில் காரணம் உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

சொல்லக் கூடாத வாக்கியம் ஒன்று உண்டு: "இன்னைக்கு 300 பேர் சாப்பிட்டாங்க, யாரும் சொல்லலையே." எல்லாக் கடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள். மீதி 299 பேரிடம் நீங்கள் கேட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் இதற்கு அர்த்தம்.

என்னென்ன எழுதி வைக்கணும்? ஒரு நோட்டு போதுமா?

போதும். பக்க எண் போட்ட, தைத்த நோட்டாக இருக்கட்டும், தாள் கிழிக்க முடியாத மாதிரி. போன் வந்த நேரம், பேசியவர் பெயர், நம்பர், எந்தத் தேதி எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், பில் நம்பர், கூட எத்தனை பேர், யார் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். அப்புறம் முக்கியமான இரண்டு விஷயம். முதல் அறிகுறி என்ன, அது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? கடந்த மூன்று நாளில் வேறு எங்கெங்கே சாப்பிட்டார்? இந்த இரண்டும் இல்லாத பதிவை வைத்துப் பின்னால் ஒன்றுமே கண்டுபிடிக்க முடியாது.

அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். எங்கள் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: "மாலை 4:40. பெண்ணின் சித்தப்பா பேசினார். மதியம் 1:15க்கு முதல் பந்தி. 4 மணிக்கு வாயில் தண்ணி ஊறி வாந்தி, மூணு தடவை. காய்ச்சல் இல்லை. மனைவிக்கும் அதேதான், 4:20க்கு. மகன் நல்லா இருக்கான், அவன் சாம்பார் சாதமும் வடையும்தான் சாப்பிட்டான்." ஃபுட் பாய்சன் என்ற வார்த்தையே இதில் இல்லை, பாருங்கள். அது முடிவு. நோட்டில் எழுத வேண்டியது நடந்ததை மட்டும்.

நோட்டோடு சேர்த்து அன்றைய பில்கள், கே.ஓ.டி., காய்கறி, பால், கறி வாங்கிய ரசீதுகள், வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவு, ஃபிரிட்ஜ் வெப்பநிலைப் பதிவு எல்லாவற்றையும் ஒரு கவரில் போடுங்கள். சமையலறை கேமரா பதிவையும் அன்றைக்கே பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். பல கடைகளில் சில நாட்களிலேயே பழைய பதிவு அழிந்து புதியது ஏறிவிடும். வெப்பநிலைப் பதிவு எழுதாமல் விட்டிருந்தால் விட்டதாகவே இருக்கட்டும், உட்கார்ந்து நிரப்பாதீர்கள். ஒரு மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, தினமும் 4 டிகிரி. அதிகாரிகள் இப்படி எத்தனையோ பார்த்திருப்பார்கள்.

கடைசியா சாப்பிட்டது நம்ம கடையில. அப்ப நம்ம சாப்பாடுதானே காரணம்?

அவசியம் இல்லை. எல்லோரும் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் சந்தேகப்படுவார்கள், ஆனால் ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு கால அளவு இருக்கிறது. அதனால்தான் முந்தைய பதிலில் நேரத்தை அவ்வளவு வற்புறுத்தினேன்.

சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி முன்னே நின்றால், உணவிலேயே ஏற்கெனவே விஷப்பொருள் உருவாகி இருந்தது என்று சந்தேகிக்கலாம். ஸ்டாஃபிலோகாக்கஸ், சோற்றில் வரும் பேசில்லஸ் இரண்டும் இந்த வகை. சுமார் 8 முதல் 16 மணி நேரத்தில் வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வந்து, காய்ச்சலோ வாந்தியோ அதிகம் இல்லை என்றால், பெரிய தேக்சாவில் செய்து மெதுவாக ஆறிப்போன கறிக்குழம்பு, பிரியாணி பக்கம் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு 12 மணி முதல் மூன்று நாள் கழித்து வந்தால் சால்மோனெல்லா போன்றவை. நோரோ வைரஸ் பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் எடுக்கும். ஆக, உங்களிடம் சாப்பிட்ட 20 நிமிடத்தில் காய்ச்சலோடு பேதி ஆரம்பித்தது என்றால், காரணம் முந்தைய நாளிலோ அதற்கு முன்போ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒரு விதிவிலக்கு மீன். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களைப் பிடித்த பிறகு ஐஸில் சரியாக வைக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்ட சில நிமிடங்களிலேயே முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். சமைத்தாலும் அது போகாது. இப்படி ஒரு புகார் வந்தால் அந்த லாட் மீனை அப்போதே நிறுத்திவிடுங்கள்.

இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்காக மட்டும். வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவரிடம் போனில் பாடம் நடத்தாதீர்கள்.

ஒரே ஒருத்தர்தான் சொல்றார். இதுக்கும் இவ்வளவு மெனக்கெடணுமா?

எழுதுவதும், மீதி உணவை எடுத்துவைப்பதும் ஒருவருக்காக இருந்தாலும் செய்ய வேண்டும். ஏனென்றால் அவர்தான் முதல் ஆளா, ஒரே ஆளா என்று அந்த நேரத்தில் தெரியாது. இரண்டாவது போன் ராத்திரி 10 மணிக்கு வரும்போது சாப்பாடு குப்பைத் தொட்டியில் இருந்தால் போனது போனதுதான்.

ஒரே உணவைச் சாப்பிட்ட இரண்டு பேர், அதுவும் ஒரே வீட்டில் இல்லாத இரண்டு பேர், ஒரே மாதிரி அறிகுறி சொன்னால் அதை நான் தனிப் புகாராக எடுத்துக்கொள்வதில்லை. அந்த நிமிடமே சந்தேகத்துக்குரிய ஐட்டத்தைப் பரிமாறுவதை நிறுத்திவிடுவோம், விசாரணை அப்புறம்.

மிச்சம் இருக்கிறதைக் கொட்டி, பாத்திரத்தைக் கழுவிடலாமா?

கூடாது. கொட்டினால் நம்மைக் காப்பாற்றக்கூடிய ஆதாரமும் சேர்ந்தே போய்விடும். அந்த வேளையில் பரிமாறிய எல்லா ஐட்டத்திலும் மிச்சத்தைத் தனித்தனியாக, வெந்நீரில் கழுவி உலர்த்திய மூடி போட்ட டப்பாவில் சுத்தமான கரண்டியால் எடுங்கள். கை படக் கூடாது. ஐட்டம், தேதி, எடுத்த நேரம், எடுத்தவர் பெயர் எழுதி, "பரிமாறக் கூடாது" என்று ஒட்டி, ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே தனித் தட்டில் வையுங்கள். ஃபிரீசரில் வேண்டாம். உறையவைத்தால் சில கிருமிகள் செத்துப்போய் ரிப்போர்ட் தவறாகச் சுத்தமாக வரும்.

புகார் வராத நாளிலும் இதைச் செய்வது நல்லது. ஹால் ஆர்டர் ஒவ்வொன்றிலும் ஐட்டத்துக்கு 200 கிராம் எடுத்து 72 மணி நேரம் வைத்திருப்பது எங்கள் வழக்கம். மூன்று நாள் ஏன் என்பதற்குப் பதில் மேலே கால அளவு சொன்ன இடத்திலேயே இருக்கிறது. எப்போது எடுக்கிறோம் என்பதும் முக்கியம். பந்தி ஆரம்பிக்கும்போது பரிமாறுகிற பாத்திரத்திலிருந்து எடுக்க வேண்டும். காலையில் அடுப்பிலிருந்து இறக்கும்போதே எடுத்த சாம்பிள், அதன் பிறகு அஞ்சு மணி நேரம் அந்தச் சாப்பாடு எப்படி இருந்தது என்பதைக் காட்டவே காட்டாது.

எந்த ஐட்டம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேலே நோட்டில் காட்டிய பதிவு எங்கள் ஹாலில் நடந்த ஒரு வளைகாப்பு. 52 பேர். தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், புளியோதரை, சாம்பார் சாதம், தயிர் சாதம், வடை, அப்பளம், பால் பாயசம். முதல் போன் 4:40க்கு. ஏழு மணிக்குள் அஞ்சு போன். எல்லோரும் பாயசத்தைத்தான் சொன்னார்கள், எங்கள் சரக்கு மாஸ்டர் உட்பட. பால் திரிந்திருக்கும் என்று பேச்சு.

நாங்கள் செய்தது இதுதான். வீட்டுக்காரரிடம் வந்தவர்கள் பட்டியலை வாங்கி, நன்றாக இருப்பவர்களையும் சேர்த்துக் கூப்பிட்டோம். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உடம்பு சரியில்லாதவர்களிடம் மட்டும் கேட்டால், எல்லோரும் சாப்பிட்ட ஐட்டம்தான் குற்றவாளி மாதிரித் தெரியும். 44 பேர் கிடைத்தார்கள். ஒவ்வொருவரிடமும் எட்டு ஐட்டத்தையும் வரிசையாக வாசித்து "சாப்பிட்டீங்களா, இல்லையா" என்று மட்டும் கேட்டோம். எதன்மேல் சந்தேகம் என்று வாயே திறக்கவில்லை.

44 பேரில் 17 பேருக்கு உடம்பு சரியில்லை. அந்த 17 பேரில் 16 பேர் பாயசம் சாப்பிட்டவர்கள். அந்த 17 பேரில் தேங்காய் சாதம் சாப்பிட்டவர்களும் 16 பேர்தான். இதோடு நிறுத்தியிருந்தால் பாயசத்தின் மேல்தான் பழி. மறுபக்கத்தையும் பாருங்கள். பாயசம் சாப்பிட்டவர்கள் மொத்தம் 40 பேர், அதில் 16 பேருக்கு நோய், அதாவது 100க்கு 40. சாப்பிடாத 4 பேரில் ஒருவருக்கு. தேங்காய் சாதம் சாப்பிட்டவர்கள் 21 பேர்தான், அதில் 16 பேருக்கு நோய், 100க்கு 76. சாப்பிடாத 23 பேரில் ஒரே ஒருவருக்கு. எலுமிச்சை சாதத்தில் சாப்பிட்டவர்களிடையே 30க்கு 12, சாப்பிடாதவர்களிடையே 14க்கு 5. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் அந்த ஐட்டத்துக்கும் நோய்க்கும் சம்பந்தம் இல்லை. மற்றவையும் இப்படித்தான் இருந்தன. தேங்காய் சாதத்தில் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

தேங்காய் சாதம் சாப்பிடாமலே உடம்பு சரியில்லாமல் போன அந்த ஒருவர் மூன்று வயதுப் பையன். மறுபடி கேட்டபோது, அவன் அம்மா தன் இலையிலிருந்தே அவனுக்கு ஊட்டியது தெரிந்தது. என்ன ஊட்டினோம் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

இந்தக் கணக்குக்கு ஆள் வேண்டும். மூன்று, நான்கு பேரை வைத்துக்கொண்டு போட்டால் ஒன்றும் சொல்லாது. அப்போது நேரக் கணக்கும் சாம்பிளும்தான் துணை.

எல்லாமே ஒரே சோத்துல கிளறினதுதானே? தேங்காய் சாதம் மட்டும் எப்படிக் கெடும்?

இதே கேள்வியை அன்று எங்கள் முதலாளியும் கேட்டார். சோறு ஒன்றுதான், காலை 7:30க்கு வடித்தது. ஆனால் தேங்காய் சாதத்தை 8 மணிக்கே கிளறிவிட்டார்கள், தேங்காய் துருவும் பையன் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதற்காக. கிளறியதை ஒரு தேக்சாவில் போட்டு மூடி ஓரமாக வைத்துவிட்டார்கள். 1 மணி வரை அது சூடாகவும் இல்லை, ஆறவும் இல்லை. கிருமி வளர்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. எலுமிச்சையிலும் புளியிலும் உள்ள புளிப்பு கிருமியை அவ்வளவாக வளரவிடாது. சாம்பார் சாதம் அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்தது. தயிர் சாதம் 12:15க்குத்தான் பிசைந்தார்கள்.

அப்புறம் கை. கேமராவில் பார்த்தோம். கிளறியவர் கரண்டியை வைத்துவிட்டு, துருவலைக் கையாலேயே கலந்தார். ஆள்காட்டி விரலில் துணிக்கட்டு. இரண்டு நாள் முன்பு அரிவாள்மனையில் வெட்டி, சீழ் வைத்திருந்தது. சீழ்ப்புண்ணில் குடியிருப்பது ஸ்டாஃபிலோகாக்கஸ். சராசரியாக மூன்று மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் இல்லை. கணக்கு பொருந்தியது. பத்து நாள் கழித்து வந்த லேப் ரிப்போர்ட்டில் தேங்காய் சாதத்தில் கிராமுக்கு 10 லட்சத்துக்கு மேல் அந்தக் கிருமி. கிராமுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினாலே நோய் வரும் அளவுக்கு விஷப்பொருள் உருவாகியிருக்கலாம் என்பார்கள்.

"பரிமாறும்போது ஒரு தடவை சூடு பண்ணியிருந்தா சரியாயிருக்குமே?" என்றும் கேட்கிறார்கள். ஆகியிருக்காது. சூட்டில் கிருமி சாகும், ஆனால் அது ஏற்கெனவே விட்ட விஷப்பொருள் கொதிக்கவைத்தாலும் அழியாது. சோற்றில் வரும் பேசில்லஸின் வாந்தி விஷமும் அப்படித்தான். சூடாகப் பரிமாற வேண்டியது 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும். எடுத்துவைக்க வேண்டியது என்றால் 60லிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்திலும், அங்கிருந்து 5 டிகிரிக்கு இன்னும் இரண்டு மணி நேரத்திலும் இறங்க வேண்டும். தேக்சாவோடு மூடிவைத்தால் எந்தக் காலத்திலும் இறங்காது, அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பினால் இறங்கும்.

சாம்பிளும் எடுத்து வைக்கலை, பாத்திரமும் கழுவியாச்சு. இப்ப ஒன்னும் செய்ய முடியாதா?

செய்யலாம். மேலே சொன்ன தொலைபேசிக் கணக்குக்குச் சாம்பிளே வேண்டாம். அதை உடனே செய்யுங்கள், ஒரு வாரம் போனால் யாருக்கும் என்ன சாப்பிட்டோம் என்று ஞாபகம் இருக்காது. ஸ்டோரில் அதே லாட் மசாலா, பால் பாக்கெட், முட்டை, ஃபிரீசரில் அதே கறி மிச்சம் இருந்தால் எடுத்து ஒதுக்குங்கள். மயோனைஸ் இருந்தால் யார் செய்தது, எதில் செய்தது என்று கேளுங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் வர வாய்ப்பு உண்டு, தமிழ்நாடு அரசு அதை 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்ததே இந்தக் காரணத்துக்காகத்தான்.

அப்புறம் அந்த ஐட்டத்தை அன்று செய்த மாஸ்டரை வைத்தே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, வாங்கியதிலிருந்து பரிமாறியது வரை நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். எங்கே நிறுத்தி வைத்தோம், எவ்வளவு நேரம், யார் கை பட்டது. ஓட்டை பெரும்பாலும் "அப்புறம் அது அங்கேயே இருந்துச்சு" என்கிற இடத்தில்தான் இருக்கும்.

சமையல் ஆட்களை விசாரிச்சா யாருமே வாயைத் திறக்கிறதில்லை. என்ன பண்றது?

திறந்தால் அன்றைய கூலி போகும் என்றால் யார் திறப்பார்கள்? எங்கள் ஆளுக்கும் விரலில் சீழ் என்று தெரியும். லீவு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள் என்றும் தெரியும். அதனால் துணியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவரை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிறுத்தினால் அடுத்த ஆள் இன்னும் நன்றாக மறைப்பார்.

ஒவ்வொருவரையும் தனியாக, கல்லாவுக்குப் பின்னால் அல்லாமல் வேறு இடத்தில் வைத்துக் கேளுங்கள். கடந்த ஒரு வாரத்தில் உனக்கோ வீட்டில் யாருக்குமோ வாந்தி, பேதி, காய்ச்சல் உண்டா, கையில் காயம், கொப்புளம் உண்டா என்று எல்லோரிடமும் ஒரே கேள்வி. வாந்தி, பேதி இருந்தவர் அது முழுதாக நின்ற பிறகு இன்னும் 48 மணி நேரம் உணவைத் தொடக் கூடாது. நோரோ வைரஸ் சரியான பிறகும் வெளியேறிக்கொண்டிருக்கும், சானிடைசருக்கும் சரியாக அடங்காது. சோப்பும் தண்ணீரும்தான். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்று இப்போது எங்களிடம் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு நாமளே சொல்லணுமா? சொன்னா வலிய மாட்டிக்கிற மாதிரிதானே?

நாம் கொடுத்த உணவு பாதுகாப்பற்றது என்று நம்பக் காரணம் இருந்தால் அதைத் திரும்பப் பெற்று, உரிய அதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. அதே சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, ஃபுட் பாய்சன் கேஸ்களை டாக்டர்கள் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போடவும் வழி உண்டு. ஐந்து பேர் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போனால் நீங்கள் சொல்லாவிட்டாலும் தகவல் போய்விடும். நாமே சொல்லி, டப்பாக்களையும் நோட்டையும் எடுத்துக் கொடுத்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். நாங்கள் திங்கள் காலை 9 மணிக்கே சொன்னோம். நோட்டீஸ் வந்தது, சமையலறையில் சில மாற்றங்கள் செய்யச் சொன்னார்கள். கடைக்குப் பூட்டு போடவில்லை.

அதிகாரி சாம்பிள் எடுக்கும்போது எதை, எவ்வளவு, எந்த வெப்பநிலையில் எடுத்தார் என்று நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் டப்பாவில் ஒரு பாதியை அவரிடம் கொடுத்துவிட்டு, மறுபாதியை ஐஸ் பெட்டியில் வைத்து அங்கீகாரம் பெற்ற தனியார் லேபுக்கு அனுப்பினோம். முன்பு சொன்ன ரிப்போர்ட் அங்கிருந்து வந்ததுதான்.

ஆஸ்பத்திரி செலவு கேக்கிறாங்க. கொடுத்துட்டா விஷயம் முடிஞ்சுடுமா?

பில் தொகையைத் திருப்பிக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் "இனி எங்கும் புகார் செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்காதீர்கள். பார்க்கிறவர்களுக்கு வாயை அடைத்த மாதிரி இருக்கும், அவர் சட்டப்படி போவதையும் அது நிறுத்தாது. மருத்துவச் செலவைப் பொறுத்தவரை, லையபிலிட்டி இன்சூரன்ஸ் இருந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீங்களாகத் தொகை ஒத்துக்கொண்டு பிறகு கிளெய்ம் செய்தால் தகராறு வரும்.

அளவு தெரிந்துகொள்ள: பாதுகாப்பற்ற உணவால் பாதிப்பு என்று நிரூபணமானால், அதே சட்டத்தின் 65ஆம் பிரிவில் மரணத்துக்குக் குறைந்தது 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை இழப்பீடு உண்டு. தண்டனைப் பிரிவுகள் வேறு. ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டார் என்றால் இந்தப் பக்கத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

கூகுள்ல ஒரு ஸ்டார் போட்டு எழுதிட்டாங்க, ஏரியா வாட்ஸ்அப் குரூப்லயும் ஓடுது. பதில் போடலாமா?

ஒரே ஒரு தடவை, ஒரே ஒருவர் பெயரில். கடையில் நாலு பேர் நாலு பதில் போட்டால் அதிலிருந்தே அடுத்த சண்டை. நாங்கள் போட்டது இது: "ஞாயிறு மதியம் எங்கள் ஹாலில் சாப்பிட்ட சிலருக்கு உடல்நலம் பாதிக்கப்பட்டதாகத் தெரிவித்திருக்கிறார்கள். வருந்துகிறோம். உணவு மாதிரிகளை உணவுப் பாதுகாப்புத் துறையிடம் கொடுத்துள்ளோம். அன்று சாப்பிட்டவர்கள், நன்றாக இருந்தாலும், இந்த எண்ணுக்குத் தெரிவியுங்கள்." கடைசி வரியால் மட்டும் ஒன்பது பேர் கிடைத்தார்கள். மேலே சொன்ன 44 பேரில் அவர்களும் உண்டு.

புகார் செய்தவரின் பெயர், பில், அறிகுறி எதையும் பொதுவில் எழுதாதீர்கள். குரூப்பில் உங்களுக்காக வரிந்துகட்டிக்கொண்டு வரும் வாடிக்கையாளர்களையும் சும்மா இருக்கச் சொல்லுங்கள்.

காசு பறிக்கவே பொய்ப் புகார் கொடுக்கிறவங்க இருக்காங்களே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இருக்கிறார்கள், ஆனால் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. எல்லோரிடமும் அதே நோட்டு, அதே கேள்விகள். பொய் அங்கேயே தடுமாறும். பில் நம்பர் இல்லை, என்ன சாப்பிட்டார் என்பது ஒவ்வொரு தடவையும் மாறுகிறது, டாக்டரிடம் போகச் சொன்னால் பேச்சை மாற்றுகிறார், முதல் நிமிடத்திலேயே தொகை சொல்கிறார் என்றால் சந்தேகப்படலாம். அப்போதும் "பொய் சொல்றீங்க" என்று சொல்ல வேண்டாம். "நீங்க சொன்னதை எழுதிக்கிட்டோம், உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் அனுப்புறோம்" என்றால் நிஜமாகப் பாதிக்கப்பட்டவர் சரி என்பார்.

பார்சல் விஷயத்தில் மட்டும் ஒன்று கூடுதலாகக் கேளுங்கள்: எத்தனை மணிக்குப் பிரித்துச் சாப்பிட்டார்? மதியம் 1 மணிக்கு வாங்கிய சிக்கன் ரைஸை ராத்திரி 8 மணிக்குச் சாப்பிட்டிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, நம் சமையலறையும் காரணமாக இல்லாமல் இருக்கலாம்.

லேப் ரிப்போர்ட்ல ஒன்னும் இல்லைன்னு வந்துடுச்சு. தப்பிச்சோம்தானே?

அப்படிச் சொல்ல முடியாது. லேப் நீங்கள் கேட்டதை மட்டும்தான் பார்க்கும். சால்மோனெல்லா, ஈ. கோலை இரண்டு மட்டும் கேட்டிருந்தால் ஸ்டாஃபிலோகாக்கஸைப் பற்றி ரிப்போர்ட் வாயே திறக்காது. நோரோ வைரஸ் சாதாரணச் சோதனையில் வராது. சூடு பண்ணிய உணவில் கிருமி செத்து, விஷப்பொருள் மட்டும் இருக்கலாம். அப்போது எண்ணிக்கை குறைவாகவே வரும், விஷப்பொருளைத் தனியாகச் சோதிக்கச் சொல்ல வேண்டும். அதனால் சாம்பிளோடு அறிகுறிகளையும் நேரக் கணக்கையும் எழுதிக் கொடுத்து, இதற்கு எதைப் பார்க்கலாம் என்று லேபிடமே கேளுங்கள். சாம்பிளை எப்போது, எந்தப் பாத்திரத்திலிருந்து எடுத்தோம் என்பதையும் எழுதுங்கள்.

எங்கள் ஹாலில் தேங்காய் சாதம் இப்போதும் உண்டு. பந்திக்கு 40 நிமிடம் இருக்கும்போதுதான் கிளறுவோம், நீளக் கரண்டியால். தேங்காய் துருவுகிற பையன் இப்போது 12 மணிக்குத்தான் வருகிறான்.